நாலாவது துண்டு

எங்கள் சலவைக் கடையில் எல்லோரும் அவளை 'அரம்' என்றுதான் சொல்வோம். இரும்பைத் தேய்க்கிற அரம். அவள் கையும் அப்படி, நாக்கும் அப்படி. நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வோம். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. 'அரம்னு சொன்னா என்ன? மழுங்கிப் போனவன்னு சொன்னாத்தான் கோபம் வரணும்' என்பாள்.

இருபத்தாறு வருஷம் சோப்பிலும் சலவைச் சோடாவிலும் கிடந்த கை. விரல் நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரத்துப் போயிருக்கும். அந்த விரலால் நல்ல மல்பெரிப் பட்டைத் தொட்டால் இழை மாட்டிக்கொண்டு மேலே எழும்பிவிடும். ஆகவே பட்டை அவள் விரலால் தொடவே மாட்டாள். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, முழங்கையின் உட்பக்கம் இருக்கிற மெல்லிய தோலில் துணியை வைத்து இழுப்பாள். கண்ணைக்கூட மூடிக்கொள்வாள். வாடிக்கையாளர்கள் முதல் தடவை பார்த்தால் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை, 'அந்த அம்மா இருக்காங்களா? அவங்க இருந்தாத்தான் குடுப்பேன்' என்று வாசலிலேயே நிற்பார்கள்.

நான் அங்கே இஸ்திரி போடுகிறவன். அவளைவிட நாலு வயது இளையவன், நாற்பது வயது தைரியம் குறைந்தவன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படுகிற பங்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

அக்கா துணி வாங்கும்போது ஒரு சீட்டு எழுதிக் குத்துவாள். என்ன துணி, என்ன கறை, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நாலு வரி. கீழே கையெழுத்து. வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு டசர் பட்டு மேலாடையில் ஈரம் சொட்டி வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது. அவள் தப்புதான். கடையில் 'முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லிடலாம்' என்றார்கள். இவள் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 'நான்தான் கெடுத்தேன்' என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்துதான் சீட்டும் கையெழுத்தும். 'என் சீட்டுல பொய் இருக்காது. பொய் வேணும்னா வேற ஆளைப் பாருங்க' என்பது அவள் பேச்சு.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறவர் முதலாளியின் மருமகன். நாங்கள் 'மாப்பிள்ளை சார்' என்போம். அக்கா மட்டும் 'தம்பி' என்பாள். அது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்ததால் அக்கா ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை வயலின் வாசிக்கிறவர் ஒருவர் பையோடு வந்தார். சனிக்கிழமை பெரிய அரங்கில் கச்சேரி. பையில் மூன்று துணி. மூன்றும் பட்டு, மூன்றும் வேறு வேறு பட்டு. இப்படி ஒரே பையில் அமைவது அபூர்வம். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

முதலாவது மல்பெரிச் சட்டை. வீட்டில் வைத்து, மல்பெரி இலை போட்டு வளர்த்த புழுவின் நூல். கையில் நிற்காமல் வழுக்கி ஓடும். மடிப்பில் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும். பார்க்க நோஞ்சான், ஆனால் இழுத்துப் பார்த்தால் மூன்றிலும் அதுதான் தாங்கும்.

இரண்டாவது டசர் சால்வை. காட்டு மரத்தில் தானாக மேய்ந்த புழு. சாயமே போடாமல் தேன் நிறம். நூல் தடிமன், ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து போகும். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும். மின்னாது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சமாகத் திருப்பித் தரும். தடிமனாக இருக்கிறதே என்று நம்பி இழுத்தால் ஓரத்தில் பிரிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது கோட்டு. ராசில்க், அதாவது கச்சாப் பட்டு. சாயம் போடாத இளமஞ்சள். உள்ளே லைனிங் துணி கிடையாது, ஆனாலும் தோள் விறைப்பாக நிற்கும். தட்டினால் காகிதம் மாதிரி சத்தம் வரும். மினுமினுப்பே இல்லை. இடது தோளில் மட்டும் வெள்ளையாகத் தூசி படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

'இது வில்லுக்குப் போடுற பிசின்மா. வாசிக்க வாசிக்க உதிரும்' என்றார் வயலின்காரர்.

'ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டுத் தொட்டு எடுத்துடலாம் சார். தண்ணி பக்கமே போகாது' என்றாள் அக்கா. மூன்று சீட்டு எழுதினாள். சட்டைக்கு: 'குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, பிழியக் கூடாது, நிழல்.' நனைந்தால் எந்தப் பட்டும் பலம் குறையும், மல்பெரிக்கும் அதே கதிதான். சால்வைக்கு: 'டிரைகிளீனிங் மட்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. மறுபக்கம் இஸ்திரி.' கோட்டுக்கு: 'ராசில்க். தண்ணீர், சோப்பு, சூடு மூன்றும் கூடாது.' கூடாது என்பதன் கீழே இரண்டு கோடு.

அன்றே சட்டையை முடித்துவிட்டாள். மறுநாள் அவள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். லீவு போட்டிருந்தாள்.

அந்த ஒரு நாள் போதாதா?

மாப்பிள்ளை சார் கோட்டைத் தூக்கிப் பார்த்தார். பிசினைப் பார்த்தார். சீட்டையும் பார்த்தார். 'பட்டுன்னா பட்டுதானே? சட்டையைத் தண்ணியில போட்டாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகலையே. பஞ்சுல தொட்டு எடுக்க ஒரு நாள் ஆகும். பிசின் சோடாவுல போயிடும்' என்றார். ஓட்டல் துண்டுகளை வெளுக்கிற மிஷின் ஒன்று பின்கட்டில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஓடும். சீட்டைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டு, வலைப்பைக்குள் கோட்டைப் போட்டு, சோப்பும் சோடாவும் கொட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டார்.

நான் பத்தடி தூரத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தேன். 'சார், அக்கா எழுதியிருக்கு...' என்று ஆரம்பித்தேன். 'உன் வேலையைப் பாரு' என்றார். பார்த்தேன். அவ்வளவுதான் நான்.

வெளியே வந்த கோட்டில் பிசின் இல்லை. கோட்டும் இல்லை என்றே சொல்லலாம். நிறம் வெளுத்து, துணி துவண்டு, தோள் சரிந்து, ஈரத்துணி மாதிரி கையில் தொங்கியது. காய்ந்த பிறகு அதைவிட மோசம்: மினுமினுவென்று மின்னியது. ராசில்க் மின்னலாமா?

புதன்கிழமை வயலின்காரர் சட்டையையும் கோட்டையும் வாங்கிப் போக வந்தார். கோட்டைப் பிரித்தார். அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

'இது என் கோட்டு இல்ல.'

'உங்க கோட்டுதான் சார்' என்றார் மாப்பிள்ளை. 'பட்டன் பாருங்க, தையல் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. உங்க டெய்லர் உங்களை ஏமாத்திட்டாரு. இது ராசில்க்கே இல்ல. சாதா மல்பெரி. கஞ்சி போட்டு விறைப்பாக்கி வித்திருக்காரு. துவைச்சதும் கஞ்சி போயிடுச்சு, உண்மை வெளிய வந்துடுச்சு.'

எப்படித்தான் அந்த நேரத்தில் அவருக்கு அப்படி ஒன்று தோன்றியதோ! கேட்கிறவனுக்கு நம்பும்படியாகவும் இருந்தது. வயலின்காரர் முகம் சிவந்தது. அடுத்த தெரு டெய்லரிடம் எட்டு வருஷமாகத் தைக்கிறாராம், தன் கச்சேரிக் குழு முழுக்க அவரிடம்தான் தைக்கிறதாம், சனிக்கிழமை எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறாராம். 'எழுத்துல குடுங்க. உங்க கடையில பட்டு பார்க்கிற அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நாளைக்கு வரேன்' என்று சொல்லிக் கோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அக்கா ஆபரேஷன் வார்டிலிருந்து அன்று மதியம்தான் வேலைக்கு வந்தாள். மாப்பிள்ளை சார் ஒரு தாளை நீட்டினார். கஞ்சி போட்ட மல்பெரி என்று இரண்டு வரி. கீழே சாட்சியாக ஒரு கையெழுத்து ஏற்கனவே இருந்தது. என்னுடையது. 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்றார், போட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, இன்னும் என்னென்னவோ காரணம். காரணத்துக்கா பஞ்சம்?

அக்கா தாளைப் படித்தாள். கோட்டை எடுத்தாள். முழங்கையில் வைத்து இழுத்தாள். கண்ணை மூடவில்லை.

'எத்தனை நேரம் கொதிச்சுது தம்பி?'

'அதெல்லாம் எதுக்கு? கையெழுத்துப் போடும்மா.'

'புழு கூடு கட்டும்போது நூலோட சேர்த்துப் பசையும் விடும். அந்தப் பசையை எடுக்காம நெய்தா ராசில்க். விறைப்பும் அதுதான், மங்கலும் அதுதான். சோப்புல கொதிக்க வெச்சுப் பசையை எடுத்தா வழுவழு மல்பெரி. நூல் ஒண்ணுதான். நீங்க ராசில்க்கை மல்பெரி ஆக்கிட்டீங்க. அந்தப் பசையை உங்க மாமனாரே வந்தாலும் திருப்பி ஒட்ட முடியாது.'

'எனக்குப் பாடம் வேணாம். அந்த டெய்லருக்கும் உனக்கும்தான் ஆகாதே. அஞ்சு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. அவனுக்காக வேலையை விடப் போறியா?'

ஆகாது என்பது உண்மைதான். அந்த டெய்லர் ஒரு தடவை கடைக்கு வந்து, 'இந்த உப்புத்தாள் கையை என் துணி மேல வைக்காதே' என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தார். அக்கா அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

'ஆகாதவன்தான்' என்றாள் அக்கா. 'திமிர் பிடிச்சவன், வாய்க்கொழுப்பு எடுத்தவன். ஆனா திருடன் இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.'

'அப்ப நாளைக்கு அந்த ஆள் வந்துட்டுப் போனதும் நீ வேலைக்கு வர வேண்டாம்.'

'அதை நாளைக்குப் பேசிக்கலாம் தம்பி.'

என்னைக் கடந்து போனாள். தாளில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

மாலையில் அவள் நேராக டெய்லர் கடைக்குப் போனாள். இது டெய்லரே பிற்பாடு எனக்குச் சொன்னது. இவளைப் பார்த்ததும் அவர் மிஷினை நிறுத்தாமல், 'என்ன வேணும்?' என்றாராம்.

'வயலின்காரர் கோட்டுல மிஞ்சின துணி.'

'எதுக்கு? பாத்திரம் தேய்க்கவா? அதுக்குத்தான் உன் கையே இருக்கே.'

'உன்னைத் திருடன்னு எழுதித் தரச் சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன். துணி இருந்தா எடு. இல்லைன்னா திருடனாவே இரு, எனக்கென்ன?'

டெய்லர் மிஷினை நிறுத்தினாராம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மிச்சத் துணியை மூட்டையாகக் கட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறவர் அவர். ஒரு சாண் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, 'நானும் வரேன்' என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் காலை வயலின்காரர் வந்தார். கவுண்டரில் மாப்பிள்ளை சார். வாசல் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு டெய்லர். உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கையில் அந்தத் துணி, முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் குப்பி, ஒரு பழைய அலுமினியப் பாத்திரம்.

'சார், ஒரு மணி நேரம் உக்காருங்க' என்றாள். 'கேட்டீங்கல்ல, எழுத்துல வேணும்னு. முதல்ல கண்ணால பாருங்க.'

ஓட்டல் பரிமாறுகிறவர்களின் சட்டை ஒன்று எங்கள் கடைக் கஞ்சி போட்டு விறைத்துக் கிடந்தது. அதன் காலர் உட்பக்கம் ஒரு சொட்டு அயோடின் வைத்தாள். கண்ணெதிரே கருநீலமாக மாறியது.

'கஞ்சின்னா இப்படி ஆகும். இப்ப டெய்லர் துணி.' ராசில்க் துண்டில் ஒரு சொட்டு வைத்தாள். அயோடினின் பழுப்பு பழுப்பாகவே நின்றது. நீலம் வரவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தோம். மாப்பிள்ளை சாரும் குனிந்தார், பாவம்.

'அயோடின் பழசா இருக்கும்' என்றார்.

'பழசா இருந்தா காலர்ல மட்டும் எப்படித் தம்பி வேலை செய்யும்?'

மிச்சத்தை இரண்டு சமத் துண்டாக வெட்டினாள். சோடாத் தூள் நிறுக்கிற சின்னத் தராசில் இரண்டையும் வைத்தாள். முள் நடுவில் நின்றது. ஒரு துண்டைத் தனியாக வைத்துவிட்டு, மற்றதைச் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் கொதிக்கவிட்டாள். தண்ணீர் மெல்ல மஞ்சளாகிக் கொழகொழத்தது. முக்கால் மணி நேரம் கொதித்தது. டெய்லர் மட்டும் இரண்டு தடவை, 'நல்லாக் கொதிக்கட்டும்' என்றார்.

எடுத்து அலசி, துவாலையில் ஒற்றி, என் மேசைக்கு வந்தாள். அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

'இஸ்திரி, இதைக் காய வை. மிதமான சூடு.'

அவ்வளவுதான் சொன்னாள். மேலே பருத்தித் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். இருபது வருஷமாக ஆயிரம் பட்டு என் பெட்டிக்குக் கீழே போயிருக்கிறது. எதுவும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. இது கேட்டது. விறைத்து நின்ற துண்டு, துவண்டு, வெளுத்து, மின்னிக்கொண்டு என் கையில் கிடந்தது. பக்கத்தில் கொடியில் அந்தக் கோட்டு. அதே துவளல், அதே மினுக்கு.

தராசில் வைத்தாள். கொதிக்காத துண்டு இறங்கியது, கொதித்தது மேலே எழும்பியது. ஈடுகட்ட, கொதிக்காத துண்டில் கிட்டத்தட்ட கால் பங்கை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

'அவ்வளவும் பசை சார்' என்றாள் அக்கா. 'கஞ்சி இல்ல. புழு போட்ட பசை. டெய்லர் குடுத்தது அசல் ராசில்க்.'

'அப்ப என் கோட்டைக் கொதிக்க வெச்சது யார்?' என்றார் வயலின்காரர்.

மாப்பிள்ளை சார் அக்காவைக் காட்டினார். 'துணி பார்க்கிறது இவங்கதான். இவங்க கையிலதான் இருந்துச்சு. வேணும்னா இவனைக் கேளுங்க, இவன் சாட்சி' என்று என்னையும் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை. தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பயந்தவன் என்று எனக்கே தெரியும், ஆனால் அதை அவள் இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது தாங்கவில்லை.

'அக்கா அன்னிக்கு லீவு சார்' என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. 'கூடாதுன்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தாங்க. மாப்பிள்ளை சார்தான் துண்டு மிஷின்ல போட்டாரு. நான் பார்த்தேன். பார்த்துட்டு அந்தத் தாள்ல கையெழுத்தும் போட்டேன். அது பொய்.'

வயலின்காரர் கொடியில் தொங்கிய அக்காவின் சீட்டை எடுத்து அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தார். கெட்டுப்போனதற்குப் பதில் கடை தன் செலவில் புதுக் கோட்டு தைத்துத் தர வேண்டும், இதே டெய்லரிடம் என்றார். டெய்லரிடம் திரும்பி, 'மன்னிச்சுக்குங்க, நம்பிட்டேன்' என்றார். டெய்லர், 'சனிக்கிழமைக்குள்ள முடியும். நான் ராத்திரி தூங்குறதில்ல' என்று பெருமையாகச் சொன்னார். தூங்குவார், எனக்குத் தெரியும்.

'என் சால்வை?' என்றார் வயலின்காரர்.

மாப்பிள்ளை சார், 'நான் பார்த்துக்கறேன் சார். இந்த அம்மா இன்னியோட நின்னுடறாங்க' என்றார்.

அக்கா தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். டசர் சால்வையை எடுத்து மடியில் விரித்தாள். 'யார் சொன்னது? என் சீட்டு குத்தின துணி இது. முடிக்காம நான் எழுந்திருக்க மாட்டேன். இதை முடிச்சதும் அடுத்த துணி இருக்கும். அதுலயும் என் சீட்டு இருக்கும். நிறுத்தணும்னா உங்க மாமனாரைக் கூட்டிட்டு வந்து, ஏன் நிறுத்தறோம்னு இந்த சார் முன்னாடி சொல்லச் சொல்லுங்க தம்பி.'

மாப்பிள்ளை சார் சால்வையை எடுக்கக் கையை நீட்டினார். வயலின்காரர், 'அவங்க கையிலேயே இருக்கட்டும்' என்றார்.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு அக்கா வந்தாள். கவுண்டருக்குப் பின்னால் சுவரில் நாலு ஆணி அடித்தாள். மல்பெரி ஒரு துண்டு, டசர் ஒரு துண்டு, ராசில்க் ஒரு துண்டு. மூன்றும் டெய்லர் கொடுத்தவை, கேட்காமலே கொடுத்தவை. நாலாவது ஆணியில் அந்தக் கொதித்த துண்டு. கீழே சீட்டு: 'இதுவும் ராசில்க். கொதிக்க வைத்தது இந்தக் கடை.' அவள் கையெழுத்து.

'தம்பி, துணி வாங்கறதுக்கு முன்னாடி கண்ணை மூடிட்டு இதைத் தொட்டுப் பாருங்க. உங்களுக்கு என்ன, வழுவழுன்னு கை. சீக்கிரம் வந்துடும்' என்றாள்.

மூன்று துண்டை அவர் விட்டுவைத்தார். நாலாவதை அன்று சாயங்காலமே கழற்றிக் குப்பையில் போட்டார். அக்கா எடுத்துத் தட்டி, மறுநாள் காலை மாட்டினாள். அவர் கழற்றினார். அவள் மாட்டினாள். நாலு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் அக்கா மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்டப் போயிருந்தாள். நான் கடை திறந்தபோது நாலாவது ஆணி காலியாக இருந்தது. மாப்பிள்ளை சார் கவுண்டரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பைக் கூடையில் கையை விட்டேன். துண்டை எடுத்தேன். கசங்கியிருந்தது. என் மேசைக்குக் கொண்டுபோய், பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன்.

பிறகு சீட்டில் அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டு, அவர் கண்ணெதிரே மாட்டினேன்.